என் பிள்ளை எத்தனை மணிக்கு?

ஜனவரி, பிப்ரவரி வந்தால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டு விழா அட்டைகள் வந்து விழும். ஐந்தாறு படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் தொடர், அதாவது கேரசல். முதல் அட்டையில் பூவும் குத்துவிளக்கும் சிறப்பு விருந்தினர் படமும். எல்லாம் வந்து அரை மணி நேரத்தில் குழுவில் கேள்வி ஆரம்பிக்கும்: "மிஸ், எல்கேஜி பி எத்தனை மணிக்கு?"

அந்தக் கேள்வி வந்தாலே அட்டை தோற்றுவிட்டது என்று அர்த்தம். போன வருடம் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு அந்த அட்டைகளைச் செய்துகொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கேள்வி நூறு தாண்டியது. அதனால் இந்த வருடம் படம் வரைவதற்கு முன்னால் கணக்குப் போட்டோம்.

விழா மாலை 5 மணிக்கு. மொத்தம் 16 கலைநிகழ்ச்சிகள். ஒரு நடனம் நாலு நிமிடம்தான். ஆனால் ஒரு கூட்டம் இறங்கி அடுத்தது ஏறி, பாட்டு ஒலிக்க இன்னும் இரண்டு நிமிடம் போகும். இந்த இரண்டு நிமிடத்தை யாரும் எழுதுவதில்லை. பதினாறு தடவை சேர்ந்தால் அது அரை மணி நேரத்துக்கும் மேல். ஆகவே நிகழ்ச்சிக்கு ஆறு நிமிடம் என்று வைத்தோம். தமிழ்த்தாய் வாழ்த்து, விளக்கேற்றல், வரவேற்புரை முடிய 5.15. உடனே எல்கேஜி, யுகேஜியின் நாலு நடனங்கள், 5.40 வரை. அதற்குப் பிறகுதான் ஆண்டறிக்கை, விருந்தினர் உரை, பரிசளிப்பு: 40 நிமிடம். 6.20-இலிருந்து பெரிய வகுப்புகள், 25 நிமிடத்துக்கு நாலு நிகழ்ச்சி வீதம், 7.35-க்கு முடியும். சின்னப் பிள்ளைகளை உரைகளுக்குப் பின்னால் வைத்தால் பாதிப் பேர் மேக்கப்போடு தூங்கிவிடுவார்கள்.

அட்டையில் "எல்கேஜி பி: 5.27" என்று போடவில்லை. "எல்கேஜி, யுகேஜி: 5.15 – 5.40" என்று மட்டும். விருந்தினர் பத்து நிமிடம் தாமதித்தாலே துல்லியமான நேரம் பொய்யாகிவிடும். பெற்றோர் கோபம் அந்த ஏழு நிமிடத்தின் மேல்தான் திரும்பும்.

வரும் நேரம்தான் பெரிய சிக்கல். போன வருட அட்டையில் "4 மணிக்கு வரவும்" என்று ஒரே வரி. யார் வருவது? சிலர் பிள்ளையை மூன்றுக்கே கொண்டுவந்து காத்திருந்தார்கள், சிலர் பிள்ளையோடு ஐந்துக்கு வந்தார்கள். இந்த முறை பின்னாலிருந்து எண்ணினோம். நடனத்துக்குப் பன்னிரண்டு பேர் வீதம் 48 பிள்ளைகள். முகப்பூச்சுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், மேக்கப் போட நாலு பேர். அதுவே ஒரு மணி நேரம். டிரெஸ் மாற்ற, வரிசையில் நிறுத்த இன்னும் அரை மணி. ஆகவே "பிள்ளையை விடும் நேரம் 3.30" என்று ஒரு பெட்டி, "நீங்கள் இருக்கையில் அமரும் நேரம் 4.45" என்று வேறு நிறத்தில் இன்னொரு பெட்டி. பெரிய வகுப்புகளுக்கு விடும் நேரம் 5 மணி என்று தனி வரி.

இருக்கை அட்டையில் மேடை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி வேண்டும். இல்லாவிட்டால் "இடப்பக்கம்" என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. குடும்பத்துக்கு இரண்டு பாஸ் என்றால் பாட்டி தாத்தா எங்கே உட்கார்வது என்றும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பின் வரிசை என்றாலும் பரவாயில்லை, வாசலில் சண்டை வராது. ஆடி முடித்த பிள்ளையை எந்தக் கதவில், எதைக் காட்டி அழைத்துக்கொள்வது என்ற வரியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். நாங்களும் கடைசி நேரத்தில்தான் சேர்த்தோம்.

இனி அனுப்பும் விதம். இன்ஸ்டாகிராமில் படங்கள் போட்ட வரிசையில்தான் நகரும். வாட்ஸ்அப்பில் அப்படியில்லை. ஆறு படத்தைச் சேர்த்து அனுப்பினால் நாலு மட்டும் கட்டமாகத் தெரியும், மீதி "+" குறிக்குள் போய்விடும். அதனால் எங்கே என்று, வகுப்பு நேரம், வரும் நேரம், இருக்கை ஆகியவை முதல் நாலில். முழு நிகழ்ச்சி நிரலும் வண்டி நிறுத்தமும் அதற்குப் பின். யாராவது ஒரு அட்டையை மட்டும் சித்தப்பாவுக்கு அனுப்புவார்கள். ஆகவே ஒவ்வொன்றிலும் பள்ளிப் பெயர், தேதி, "3/6" என்ற எண். 1080 பிக்சல் அகலப் படம் போனில் ஆறேழு செண்டிமீட்டராகச் சுருங்கும். 40 பிக்சல் எழுத்து அங்கே இரண்டரை மில்லிமீட்டர்தான். தமிழின் சுழிகள் அதற்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். அனுப்புவதற்கு முன் என் மாமியாரிடம் கண்ணாடியில்லாமல் படிக்கச் சொன்னேன். "3.30-ஆ, 8.30-ஆ?" என்றார். எழுத்தைப் பெரிதாக்கினோம்.

விழாவுக்கு முந்தைய நாள் விருந்தினர் கால் மணி தாமதமாவார் என்று செய்தி வந்தது. பழைய அட்டை எத்தனை போன்களில் சுற்றுகிறதோ, யாருக்குத் தெரியும்? அதே வடிவில் புதியதை அனுப்பாமல், மஞ்சள் பின்னணியில் "திருத்தம்" என்று தலைப்பிட்டு, அனுப்பிய தேதியையும் நேரத்தையும் போட்டு ஒரே அட்டை அனுப்பினோம். குழுவில் மூன்று கேள்வி வந்தது. மூன்றும் வண்டி நிறுத்துவது பற்றி.