கேட் செய்யக் கொடுக்கும் முன் ஒரு காகிதம்

வெல்டிங் பட்டறைக்குப் போய் கிரில் கேட் கேட்பவர்களில் பெரும்பாலோர் சொல்வது இரண்டே வார்த்தை: “நல்லா ஸ்ட்ராங்கா.” பட்டறைக்காரரும் தலையாட்டுவார். கேட் வந்து மாட்டிய பிறகுதான் இருவர் மனத்திலும் இருந்த ‘ஸ்ட்ராங்’ வேறு வேறு என்று தெரியவரும். பேச்சில் விட்டுப்போகும் இந்த இடைவெளியை ஒரு பக்கக் காகிதம் அடைத்துவிடும். அதற்கு ஒரே விதிதான். எழுதும் ஒவ்வொரு வரியையும் டேப்பாலோ தராசாலோ கண்ணாலோ சரிபார்க்க முடிய வேண்டும். எத்தனை ஆம்பியரில் வைப்பது, எந்த ராடு போடுவது என்பது அவர் தொழில். அதில் நாம் தலையிட வேண்டாம்.

பத்தடி வாசலுக்கு இரட்டைக் கதவு கேட் கேட்கும் ஒருவர் தரும் காகிதத்தை வரிவரியாகப் பார்ப்போம்.

“அண்ணே, தூண் பூச்சு முடிந்துவிட்டது. இரு தூணுக்கும் நடுவே மேலே 3050, நடுவில் 3040, கீழே 3035 மி.மீ. இருக்கிறது. ஒரு தடவை நீங்களும் வந்து அளந்துகொள்ளுங்கள்.”

இந்த வரியின் முதல் பாதிதான் முக்கியம். பூச்சு வேலைக்கு முன் அளவு கொடுத்தால், பிறகு ஒவ்வொரு தூணிலும் 15 முதல் 20 மி.மீ. சிமென்ட் ஏறி வாசல் குறுகிவிடும். செய்து வந்த கேட் உள்ளே நுழையாது. தூணில் டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் அதையும் ஒட்டி முடித்த பின்பே அளக்க வேண்டும்.

மூன்று உயரத்தில் அளப்பதற்கும் காரணம் உண்டு. தூக்குக்குண்டு பிடித்துக் கட்டிய தூணும் நூல் பிடித்தாற்போல் நிற்பதில்லை. கேட்டுக்கு எப்போதும் ஆகக் குறைந்த அளவைத்தான் எடுக்க வேண்டும், இங்கே 3035. அதில் கீல் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 25, இரு கதவும் சந்திக்கும் நடுவில் 10 என்று 60 மி.மீ. கழித்தால் மீதி 2975. ஆக ஒரு கதவின் அகலம் 1487 மி.மீ. கீல் பக்கத்து 25 என்பது வாங்கும் கீலைப் பொறுத்து மாறும். கீலைக் கையில் வைத்துக்கொண்டு கழிப்பதே சரி. பட்டறையில் அடி, இன்ச், நூல் என்றுதான் பேச்சு நடக்கும். ஆனாலும் காகிதத்தில் மில்லிமீட்டரில் எழுதினால், ‘ரெண்டு நூல் கூடவா, குறையவா’ என்ற சந்தேகம் வராது.

“கதவு உள்பக்கம் திறக்க வேண்டும். உயரம் 1500. மூடியிருக்கும்போது தரைக்கும் கேட்டுக்கும் 60 மி.மீ. இடைவெளி.”

அறுபது அதிகம் என்று தோன்றும். மழைநீர் தெருப்பக்கம் ஓடட்டும் என்று கார் ஏறும் தரையை வீட்டை நோக்கி உயர்த்தித்தான் போடுவார்கள். கதவு திறக்கும்போது அதன் நுனி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உள்ளே போகிறது. அந்தத் தூரத்தில் இந்த வீட்டுத் தரை 35 மி.மீ. உயர்கிறது. வாசல் கோட்டில் 60 விட்டால்தான் முழுக்கத் திறந்த நிலையில் 25 மிஞ்சும். 20 மட்டும் விட்டிருந்தால் கதவு பாதி வழியிலேயே தரையில் உரசி நின்றுவிடும். ஆகவே இடைவெளியை வாசல் கோட்டில் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கதவின் நுனி போகும் வளைவு முழுவதும் மட்டம் பார்க்க வேண்டும்.

“சட்டம் 40×40 ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனம். நடுவில் அதே பைப்பில் ஒரு குறுக்குச் சட்டம். உள்ளே 12 மி.மீ. சதுரக் கம்பி, கதவுக்கு 13. இரு கம்பிக்கு நடுவே வெற்றிடம் 90 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.”

‘நாலு இன்ச்சுக்கு ஒரு கம்பி’ என்று சொன்னால், கம்பியின் மையத்திலிருந்து மையத்துக்கா, நடுவில் இருக்கும் வெற்றிடமா என்பது தெளிவாகாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தலை நுழையாதபடி வெற்றிடம் 100 மி.மீ.க்குக் குறைவாக இருப்பது நல்லது. கணக்கு எளிது. 1487 அகலத்தில் இருபுறச் சட்டம் போக உள்ளளவு 1407. பதின்மூன்று கம்பி 156 எடுத்துக்கொண்டால் மிச்சம் 1251; அதைப் பதினாலு இடைவெளிக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 89. கம்பியின் எண்ணிக்கையை எழுதிவிட்டால் சரிபார்ப்பது எண்ணிப் பார்க்கும் வேலைதான்.

பைப்பின் கனம் அப்படி அல்ல. 2 மி.மீ. பைப்பும் 1.6 மி.மீ. பைப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வெட்டிய முனையில் வெர்னியர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சட்டம் கூடி மூலை ஒட்டிய பிறகு அதற்கும் வழியில்லை. இங்கேதான் தராசு கைகொடுக்கிறது. 40×40×2 பைப் மீட்டருக்குச் சுமார் 2.4 கிலோ, 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. ஒரு கதவில் பைப் 7.2 மீட்டரும் கம்பி சுமார் 18 மீட்டரும் போகும். பைப் 17, கம்பி 20 என்று 37 கிலோ. தாழ்ப்பாளும் கீலும் சேர்ந்தால் நாற்பதை ஒட்டி வரும். அதே கதவை 1.6 மி.மீ. பைப்பிலும் 10 மி.மீ. கம்பியிலும் செய்தால் பைப்பும் கம்பியும் 28 கிலோதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் கால் பங்கு இரும்பு.

கூலி பேசும் முறையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. சதுர அடிக் கணக்கில் பேசினால், கனம் குறைந்த இரும்பு போடும் பட்டறைக்கு லாபம். கிலோக் கணக்கில் பேசினால், தேவையில்லாத பட்டையும் பூவேலையும் ஏறும். எந்தக் கணக்கானாலும் கனமும் எண்ணிக்கையும் எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் நியாயம் நடக்கும். எடையை பிரைமர் அடிக்கும் முன்பே போட வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

“கதவுக்கு இரண்டு புல்லட் கீல், கிரீஸ் போடும் வசதியுடன். மேல் விளிம்பிலிருந்து 150, கீழ் விளிம்பிலிருந்து 150 மி.மீ.யில் வர வேண்டும். மேல் கீலைத் தூக்க முடியாதபடி தடுப்பு வேண்டும்.”

கேட் சாய்வதற்கு வெல்டிங்கைக் குறை சொல்வார்கள். பல நேரம் காரணம் கீல் இருக்கும் இடம். கதவின் எடை தூணிலிருந்து தள்ளி, அதன் நடுவில் இருக்கிறது. அதனால் மேல் கீல் தூணை விட்டு வெளியே இழுபடுகிறது. கீழ்க் கீல் தூணுக்குள் தள்ளப்படுகிறது. இரண்டு கீலுக்கும் நடுவே 1200 மி.மீ. இருந்தால், 40 கிலோ கதவு மேல் கீலை ஏறத்தாழ 25 கிலோ விசையோடு இழுக்கும். அதே கீல்களை 600 மி.மீ. இடைவெளியில் நெருக்கி வைத்தால் இழுவை 50 ஆகிவிடும். முப்பது கிலோ சிறுவன் ஒருவன் நுனியில் தொங்கி ஆடினால், 1200 இடைவெளியிலேயே மொத்தம் 60 கிலோவைத் தாண்டும். ஆகவே கீல்கள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது.

இந்த இழுவையைத் தாங்குவது கடைசியில் தூண்தான். கீலின் தட்டு கான்கிரீட்டுக்குள் இறங்கிய ஹோல்டு ஃபாஸ்ட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். செங்கல் தூணின் பூச்சில் மட்டும் பிடித்த கீல் சில மாதங்களில் ஆட ஆரம்பிக்கும். கீலைச் சுற்றி மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அதுதான் அறிகுறி. இரண்டு கீலும் ஒரே தூக்குக்குண்டுக் கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கதவைப் பாதி திறந்து கையை விட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் நின்றால் கோடு சரி. தானாக மூடவோ திறக்கவோ செய்தால் கோடு தவறியிருக்கிறது.

புல்லட் கீலில் இன்னொரு பலவீனம் உண்டு. கீழ்ப் பாதியின் முளைமேல் மேல் பாதி வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. பூட்டை உடைக்காமல் இரண்டு பேர் சேர்ந்து கேட்டையே தூக்கி எடுத்துவிடலாம். மேல் கீலைத் தலைகீழாக வைத்தாலோ, அதற்கு மேலே சிறு இரும்புத் துண்டு ஒன்றைத் தூணோடு சேர்த்து ஒட்டினாலோ அது நடக்காது.

“சட்ட மூலைகளில் சுற்றிலும் முழு வெல்டிங், கம்பிகளின் இரு முனையிலும் இரு பக்கம். பைப் முனை எதுவும் திறந்திருக்கக் கூடாது. மூலைக்கு மூலை அளவு இரண்டும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. பிரைமர் அடிக்கும் முன் எனக்குக் காட்டுங்கள்.”

காகிதத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதலாம். சிவப்பு பிரைமர் ஏறிவிட்டால் டாக் வைத்து விட்ட இடமும், தட்டாமல் விட்ட கசடும், பைப்பில் விழுந்த ஓட்டையும் மறைந்துபோகும். வெறும் இரும்பாக இருக்கும்போது ஒவ்வொரு ஒட்டையும் பாருங்கள். மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு இரண்டு முறை டேப் பிடியுங்கள். இந்தக் கதவில் இரண்டும் சுமார் 2112 வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சட்டம் கோணியிருக்கிறது. அதைப் பட்டறையில் சரிசெய்வது எளிது, தூணில் மாட்டிய பின் அது பெரிய வேலை.

பைப்பின் வாய் திறந்திருந்தால் மழைநீர் உள்ளே தங்கி உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்க, ஒருநாள் அடிச்சட்டம் கையோடு வரும்.

“துருவும் கசடும் எண்ணெயும் போகத் தேய்த்துத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட், காய்ந்த பின் எனாமல் இரண்டு கோட். கீல் முளையில் பெயின்ட் படக் கூடாது. வீட்டில் வைத்து ஒட்டிய இடங்களுக்கு மறுபடி பிரைமர்.”

பிரைமர் அடித்துவிட்டோமே என்று வருடக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் உண்டு. ரெட் ஆக்சைடு பிரைமர், மேலே வரும் பெயின்ட் பிடிப்பதற்கான அடித்தளம். அது மட்டும் மழையில் நின்றால் ஈரம் ஊடுருவி அடியில் துரு கிளம்பும். துருவின்மேலேயே அடித்த பிரைமரும் அதோடு சேர்ந்து உரிந்துவிடும். வீட்டில் கீல் ஒட்டும்போது அந்த இடத்து பெயின்ட் கருகிப்போகும். துரு முதலில் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு இந்த பெயின்டே போதாது. அங்கே கால்வனைஸ் செய்வது பற்றித் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். அதற்கு பைப்பில் காற்று வெளியேறத் துளை விட வேண்டியிருக்கும். மூடிய பைப்பை உருகிய துத்தநாகத்தில் முக்கினால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

மாட்டும் நாளில் கிரைண்டர் பொறி படும் தூரத்தில் காரையும் ஜன்னல் கண்ணாடியையும் விடாதீர்கள். பொறி கண்ணாடியில் பதிந்தால் புள்ளி புள்ளியாக நிற்கும்; துடைத்தாலும் போகாது.

கடைசியாகப் பணம். முன்பணம், பிரைமருக்கு முன் காட்டும்போது ஒரு பங்கு, மாட்டிக் கதவு உரசாமல் திறந்து மூடிய பின் மீதி என்று காகிதத்தின் அடியில் எழுதுங்கள். வாசல் எப்படித் திறக்கும் என்று கைப்படம் ஒன்று வரைந்து, கீல் பக்கத்தையும் அதில் குறித்துவிடுங்கள். பிறகு பட்டறையில் உட்கார்ந்து அவரோடு ஒருமுறை வாசித்து, அவர் திருத்தச் சொல்வதைத் திருத்தி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கைமாறுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.