ஒரு ஈ போட்ட எல்லைக்கோடு

செட்சி ஈ முட்டையிட்டுவிட்டுப் பறந்துபோகும் ஈ அல்ல. பெண் ஈ ஒரு நேரத்தில் ஒரே ஒரு முட்டையைத் தன் கருப்பைக்குள் பொரியவிட்டு, உள்ளே சுரக்கும் பாலை ஊட்டிப் புழுவை வளர்க்கிறது. 9 அல்லது 10 நாளில் ஏறக்குறையத் தன் எடையே இருக்கும் ஒரு புழுவை நிழலான, பொலபொலப்பான மண்ணில் ஈனும். அந்தப் புழு சற்று நேரத்தில் மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகிவிடும். வீட்டு ஈ ஒரே தடவையில் நூறு முட்டை இடக்கூடியது. செட்சி ஈ ஆயுள் முழுக்கப் பத்துப் பிள்ளை பெற்றாலே அதிகம்.

ஆப்பிரிக்கத் தூக்க நோய் எங்கே வரும், எங்கே வராது என்பதை இந்த மெதுவான பிள்ளைப்பேறுதான் பெருமளவு முடிவு செய்கிறது.

மண்ணுக்குள் போன கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை. தாய் கொடுத்தனுப்பிய கொழுப்பை எரித்தே ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஈயாக வெளியே வர வேண்டும். குளிர் 16 டிகிரிக்குக் கீழே நீடித்தால் வளர்ச்சி இழுபட்டு, ஈயாகும் முன்பே கொழுப்பு தீர்ந்துவிடும். வெயில் 32 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கொழுப்பு வேகமாக எரிந்து அதே முடிவுதான். அதனால்தான் வடக்கே சகாராவின் ஓரத்தோடும், தெற்கே குளிரான நிலங்களோடும், உயர்ந்த மலைகளோடும் செட்சி ஈ நின்றுவிடுகிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்த நோய் வேரூன்றாததற்கும் இந்த ஈதான் காரணம். நோய்க்கிருமியான டிரிபனோசோம் ஈயின் குடலில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய மூன்று வாரம் போலாகும். அந்த இடைவழி இல்லாமல் அது ஆளுக்கு ஆள் தொடர்ந்து பரவ முடியாது. பெரும்பாலான ஈக்களின் குடலே கிருமியைக் கொன்றுவிடுகிறது. நோய் இருக்கும் ஊரில்கூட நூறு ஈக்களில் ஒன்று கிருமியைச் சுமந்தாலே அதிகம்.

அந்த ஒன்று கடித்தால் போதும். முதல் கட்டத்தில் கிருமி ரத்தத்திலும் நிணநீரிலும் இருக்கும். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். உடல் எதிர்ப்புச் சக்தியைத் திரட்டும் ஒவ்வொரு முறையும் கிருமி தன் மேலுறையை மாற்றிக்கொள்கிறது. தலைவலி, மூட்டுவலி, அரிப்பு, பிடரியில் நெரிகட்டுதல் ஆகியவற்றை மலேரியா என்றே பலர் நினைத்துவிடுவார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பரவும் காம்பியன்ஸ் வகையில் இந்தக் கட்டம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட நீளும். கிழக்கே உள்ள ரொடீசியன்ஸ் வகை சில வாரங்களிலேயே முற்றிவிடும்.

இரண்டாம் கட்டம் கிருமி மூளைக்குள் நுழைவது. நோயாளி எந்நேரமும் தூங்குவார் என்று நினைக்கிறோம், அது சரியல்ல. பகலில் சாப்பிட்டுக்கொண்டே கண் செருகுவார், இரவில் விழித்துக் கிடப்பார். தூக்கத்தின் நேர ஒழுங்குதான் குலைகிறது. கோபம், குழப்பம், மாறிய சுபாவம் என்று வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். மருந்தில்லாவிட்டால் முடிவு பெரும்பாலும் மரணம். கட்டத்தைத் தெரிந்துகொள்ள முதுகெலும்பில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பார்கள். முன்பு இரண்டாம் கட்டத்துக்குக் கொடுத்த ஆர்சனிக் மருந்தே நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேரைக் கொன்றது. இன்று காம்பியன்ஸ் நோயாளிகள் பலருக்கு 10 நாள் விழுங்கும் ஃபெக்சினிடசோல் மாத்திரை போதும்.

ஆனால் மாத்திரையால் ஈ குறையாது. தெற்குச் சாட் நாட்டின் மாண்டூல் பகுதியில் ஈயின் பலவீனத்தையே பிடித்தார்கள். அது செட்சி ஈ வாழும் நிலத்தின் வடக்கு விளிம்பு. அங்குள்ள ஈ ஆற்றோரச் சதுப்பு நிழலை விட்டு வராது; சுற்றிலும் உழுத வயல்கள், ஆகவே வெளியிலிருந்து புது ஈக்களும் வந்து சேராது. 2014 முதல் ஆண்டுதோறும் கோடைக்கு முன் சதுப்பின் ஓரமெங்கும் பூச்சிக்கொல்லி தோய்த்த சிறு நீலத் துணிகளை வலையோடு சேர்த்து நட்டார்கள். நீல நிறத்தைத் தேடி வரும் ஈ வலையில் மோதினாலே போதும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் பூச்சி என்பதால், நாளொன்றுக்குப் பெண் ஈக்களில் நூற்றுக்கு நான்கு கூடுதலாகச் செத்தாலே அந்தக் கூட்டம் படிப்படியாக அழியும். கொசுவிடம் இந்தக் கணக்கு பலிக்காது. கூடவே ஊர் ஊராக ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் நடந்தன. 2024இல் சாட் நாட்டில் இந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ரொடீசியன்ஸ் வகையிடம் இது அவ்வளவு எளிதல்ல. அது மாடுகளிலும் காட்டு விலங்குகளிலும் தங்கியிருக்கிறது. அதைப் பரப்பும் புல்வெளி ஈக்கள் ஆற்றங்கரையில் அடங்குவதில்லை. உகாண்டாவில் நோயுள்ள மாடுகள் சந்தைக்கு வந்து கைமாறியபோது, ஏற்கெனவே ஈ இருந்த புது மாவட்டங்களிலும் நோய் புகுந்தது. இப்போது அங்கே மாடுகளுக்கு மருந்து கொடுப்பதோடு, ஈ விரும்பிக் கடிக்கும் கால்களிலும் வயிற்றிலும் பூச்சிக்கொல்லி தெளிக்கிறார்கள்.