ஒரு தூசிப் புள்ளியும் ஒரு ஏஐ முத்திரையும்

போன வருஷம் என் நண்பர் ஒருவர் தன்னோட மீன்கொத்திப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினார். மூணு நாள் காலையில் சேற்றில் உட்கார்ந்து எடுத்த படம். பத்து நாளில் ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் கோப்பில் செயற்கை நுண்ணறிவுக் குறி இருக்கிறது, படம் ஏற்கப்படவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் போட்டு, "நான் என்ன, கம்ப்யூட்டர்ல பறவை வரையறவனாடா?" என்று கேட்டார். படத்தை அப்படியே டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். ஏன் டாக்குமெண்டாக என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

படத்தைக் கண்ணால் பார்த்துப் பிரயோஜனமில்லை. கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் போதும்.

```
exiftool -XMP-iptcExt:DigitalSourceType meenkothi.jpg
```

வந்த பதிலின் கடைசிச் சொல் `compositeWithTrainedAlgorithmicMedia`. அதாவது, பயிற்றுவிக்கப்பட்ட கணிப்பொறி மாதிரி உருவாக்கிய ஏதோ ஒன்று இந்தப் படத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. நண்பரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வானத்துல ஒரு தூசிப் புள்ளி இருந்துச்சு. போட்டோஷாப்ல ஜெனரேட்டிவ் ஃபில் போட்டு எடுத்தேன்" என்றார். கேமரா சென்சாரில் ஒட்டிய தூசி. அவ்வளவுதான் விஷயம்.

அந்த நீளமான சொல் போட்டோஷாப் கண்டுபிடித்தது இல்லை. செய்தி நிறுவனங்கள் படங்களைப் பரிமாறிக்கொள்ள விதிகள் வகுக்கும் ஐபிடிசி என்ற அமைப்பின் சொற்பட்டியலில் அது ஒன்று. ஒரு படம் எப்படிப் பிறந்தது என்பதற்கு அவர்களிடம் சின்னப் பட்டியல் இருக்கிறது. கேமராவில் எடுத்ததற்கு `digitalCapture`, முழுக்க ஏஐ செய்ததற்கு `trainedAlgorithmicMedia`, பல நிஜப் படங்களை ஒட்டியதற்கு `compositeCapture`, ஒட்டிய துண்டுகளில் ஒன்றாவது செயற்கையாக இருந்தால் `compositeSynthetic`. ஏஐ கருவியால் ஒரு பகுதியை நிரப்பினால் வருவதுதான் நண்பருக்குக் கிடைத்த முத்திரை.

இந்தச் சொல் 'எப்படி' என்பதைத்தான் சொல்கிறது, 'எவ்வளவு' என்பதைச் சொல்வதில்லை. வானத்தில் ஒரு புள்ளியை அழித்தாலும், அதே வானத்தில் ஒரு டைனோசரைப் பறக்கவிட்டாலும் அந்த இடத்தில் வருவது ஒரே சொல்தான். படிக்கும் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

என் நண்பர் இதில் தனி ஆள் இல்லை. 2024 மே மாதம் மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இதே மாதிரிக் குறிகளைப் படித்து, படத்தின் மேல் `Made with AI` என்று போட ஆரம்பித்தது. புகைப்படக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைப் புகைப்படக்காரராக இருந்த பீட் சௌசா, தான் எடுத்த ஒரு கூடைப்பந்துப் படத்துக்கும் இந்த முத்திரை விழுந்ததாகச் சொன்னார். அது அவர் ஃபிலிமில் எடுத்த பழைய படம்! ஜூலை 1-ஆம் தேதி மெட்டா வாசகத்தை `AI info` என்று மாற்றியது. செப்டம்பரில், ஏஐ கருவியால் திருத்தம் மட்டும் செய்த படங்களுக்கு அந்தக் குறியைப் படத்தின் மெனுவுக்குள் தள்ளிவிட்டது. முழுக்க ஏஐ உருவாக்கியவற்றுக்கு மட்டும் வெளியே தெரியும்படி விட்டது. என் பார்வையில் இது பிரச்சினையைத் தீர்க்கவில்லை, ஒளித்து வைத்தது. மெனுவைத் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

சரி, இதுக்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நண்பரின் அனுமதியோடு அவருடைய இரண்டு மீன்கொத்திப் படங்களை எடுத்தேன். வேறொரு நாள், வேறொரு குளத்தில் எடுத்த இரண்டாவது பறவையை வெட்டி, முதல் படத்தின் கிளையில் உட்கார வைத்தேன். மாஸ்க் போட்டு ஓரத்தை மென்மையாக்கி, நிறத்தைச் சரிசெய்து, நிழலும் வரைந்தேன். நாற்பது நிமிஷ வேலை. ஏஐ எதுவும் தொடவில்லை. ஜேபெக்காகச் சேமித்து அதே கட்டளையைக் கொடுத்தேன். பதிலே இல்லை, அந்தப் புலம் காலி. இந்தப் படத்தை போட்டோஷாப்பில் சேமித்தார்கள் என்ற ஒரு வரி மட்டும் வேறொரு புலத்தில் இருந்தது. அது உலகத்தில் பாதிப் படங்களில் இருக்கும்.

நியாயப்படி பார்த்தால் இந்தப் படத்துக்கு `compositeCapture` என்று வந்திருக்க வேண்டும். ஆனால் அதை நான் கைப்பட எழுதினால்தான் வரும். ஏமாற்ற நினைக்கிறவன் எதற்கு எழுதப் போகிறான்?

ஆக, நிஜமான பறவைக்கு முத்திரை, நடக்காத காட்சிக்கு முத்திரை இல்லை. 2024 மார்ச் 10-இல் பிரிட்டனின் இளவரசி கேத்தரின் தன் குழந்தைகளோடு இருக்கும் படம் வெளியானது நினைவிருக்கலாம். ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி எல்லாம் அன்றைக்கே அதைத் திரும்பப் பெற்றன. காட்டிக் கொடுத்தது எந்த லேபிளும் இல்லை. மகள் சார்லட்டின் ஸ்வெட்டர் கைப்பகுதி ஓரிடத்தில் பொருந்தாமல் நின்றதை மனிதக் கண்கள்தான் பிடித்தன. மறுநாள், அவ்வப்போது எடிட்டிங் செய்து பார்ப்பேன் என்று சொல்லி இளவரசி மன்னிப்புக் கேட்டார்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் சி2பிஏ என்ற ஏற்பாடு வந்தது. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி, இன்டெல் போன்றவை சேர்ந்து 2021-இல் தொடங்கியது. வெறும் குறிப்பு எழுதிவைத்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் இல்லையா? அதனால் இதில் குறிப்பை எழுதி, படத்தின் தரவிலிருந்து ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, இரண்டையும் சேர்த்து டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு மூடுகிறார்கள். பத்திரத்தில் அரக்கு முத்திரை மாதிரி. படத்தில் ஒரு பிக்சலை மாற்றினாலும் ஹாஷ் பொருந்தாது, முத்திரை உடைந்தது தெரிந்துவிடும்.

ஒட்டுப் படங்களுக்கு இதில் நல்ல விஷயம் ஒன்று உண்டு. போட்டோஷாப்பில் இந்த வசதியை முதலிலேயே இயக்கிவிட்டு அதே ஒட்டுவேலையைச் செய்தால், எந்தெந்தப் படங்கள் உள்ளே வந்தன என்பது சேர்மானப் பட்டியலாகப் பதிவாகும், குட்டிப் படங்களோடு. சமையல் குறிப்பின் தேவையான பொருட்கள் மாதிரி. என் பொய் மீன்கொத்தி இரண்டு படங்களின் கலவை என்பது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அதை இயக்குவதும் இயக்காததும் என் விருப்பம்.

இன்னொன்று, உடைந்த முத்திரை கண்ணில் படும். ஆனால் முழுசாகப் பிய்த்தெறிந்த முத்திரை படாது. முத்திரை இருந்த ஒரு கோப்பை எடுத்து ஸ்கிரீன்ஷாட் அடித்தேன். ஐபிடிசி சொல்லும் போச்சு, கையெழுத்தும் போச்சு. ஸ்கிரீன்ஷாட் என்பது ஒரு புதுப் படம், பழைய கோப்போடு அதற்கு எந்த உறவும் இல்லை. வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினாலும் படம் சுருக்கப்பட்டு விவரங்கள் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் கோப்பு அப்படியே வரும். நண்பரிடம் அப்படிக் கேட்டது அதனால்தான். முத்திரை இல்லாத படம் பொய்ப் படம் என்று சொல்லவும் வழியில்லை. உலகத்தின் பெரும்பாலான உண்மைப் படங்களில் அது கிடையாது.

அப்போ பிய்க்க முடியாத மாதிரி படத்துக்குள்ளேயே கலந்துவிட்டால் என்ன என்பதுதான் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க். கூகுள் 2023-இல் அறிமுகப்படுத்திய சிந்த்ஐடி இந்த வகை. பிக்சல்களின் மதிப்பை நாம் உணர முடியாத அளவுக்கு அங்கங்கே ஏற்றி இறக்கி, படம் முழுக்க ஒரு வடிவத்தைப் பரப்புகிறார்கள். அந்த வடிவத்தைத் தேடத் தெரிந்த கருவிக்கு மட்டும் அது தெரியும். ஸ்கிரீன்ஷாட், ஓரளவு வெட்டுதல், சுருக்குதல் இவற்றையெல்லாம் தாண்டி நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒட்டுப் படத்தில் இதுவும் தடுமாறும். வாட்டர்மார்க் தன் பலத்தைப் பரப்பிலிருந்து எடுக்கிறது. ஏஐ வரைந்த பறவையை மட்டும் கத்தரித்து ஒரு பெரிய நிஜப் படத்தின் மூலையில் வைத்தால், வடிவத்தின் ஒரு துணுக்குதான் மிஞ்சும். மொத்தப் படத்தையும் தேடும் கருவிக்கு அது இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடலாம். 2025-இல் தன் போட்டோஸ் செயலியின் திருத்தக் கருவிக்கு சிந்த்ஐடியைக் கொண்டு வந்தபோது கூகுளே இதை ஒத்துக்கொண்டது. சின்னப் பூ ஒன்றின் நிறத்தை மாற்றுவது போன்ற திருத்தங்கள் கண்டுபிடிக்க முடியாத அளவு சிறியதாக இருக்கலாம் என்றது.

கேமராவே கையெழுத்துப் போட்டால்? அதையும் பார்த்தாயிற்று. நிகான் தன் இசட்6III கேமராவுக்கு 2025 ஆகஸ்டில் சி2பிஏ வசதியைத் தந்தது. சில நாட்களிலேயே ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். அந்தக் கேமராவில் மல்டிபிள் எக்ஸ்போஷர் என்று ஒன்று உண்டு, கார்டில் இருக்கும் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை எடுத்து இரண்டையும் கலக்கலாம். கையெழுத்தே இல்லாத வேறொரு படத்தை அடியில் வைத்து மேலே ஒரு காட்சியை எடுத்தால், வந்த கலவைக்கு கேமரா அசல் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தது. கேமராவைக் குற்றம் சொல்ல முடியாது, கலந்தது அதுதானே! நிகான் செப்டம்பரில் சேவையை நிறுத்தி, கொடுத்திருந்த சான்றிதழ்களை ரத்து செய்தது. அந்தக் கையெழுத்து 'இதைச் சேமித்தது நான்தான்' என்பதற்குத்தான் சாட்சி. படத்தில் தெரிவது நடந்தது என்பதற்கு இல்லை.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். `exiftool -all=` என்று ஒரே கட்டளையில் குறியைத் துடைத்துவிட்டு மறுபடி அனுப்பியிருக்கலாம். அவர் மாட்டேன் என்றார். "நான் என்ன திருடனா, கைரேகையை அழிக்க?" பதிலாக, கேமராவின் மூல ராக் கோப்பையும், அதே நிமிஷத்தில் எடுத்த முன்னும் பின்னுமான ஆறு படங்களையும் அனுப்பினார். அந்த ஏழிலும் வானத்தில் ஒரே இடத்தில் அந்தத் தூசிப் புள்ளி இருந்தது. நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புள்ளியைப் பழைய ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அதற்கு எந்த முத்திரையும் விழவில்லை.