மறுப்புக் கடிதமும் அறுபது நாளும்

கனடா விசா மறுக்கப்பட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "இன்னொருக்காப் போடுவம்" என்பதுதான். ஏஜென்சிக்காரரும் அதையே சொல்வார். அவருக்கு இன்னொரு கட்டணம். மறுபடி போடுவது சில வேளை சரி, சில வேளை காசைக் கரியாக்கும் வேலை. எது சரி என்று தெரிய வேண்டுமானால், விசா அதிகாரி கணினியில் எழுதிவைத்த குறிப்பைப் பார்க்க வேண்டும்.

சாவகச்சேரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. மகன் ஸ்காபரோவில். மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கு இரண்டு மாதம் போய்வர விண்ணப்பிக்கிறார். மகள் குடும்பத்தோடு சுன்னாகத்தில் இருக்கிறாள். பென்சன் இருக்கிறது, வீடும் காணியும் அவர் பெயரில். கணக்கில் போதிய காசில்லை என்று யாரோ சொல்ல, விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு நாற்பது இலட்சம் ரூபா போடப்படுகிறது. காணித்துண்டு ஒன்றை விற்ற நேர்மையான காசுதான். ஆனால் அந்த உறுதியின் பிரதி விண்ணப்பத்தோடு போகவில்லை.

மறுப்புக் கடிதம் வருகிறது. விசா முடிந்ததும் கனடாவை விட்டு வெளியேறுவார் என்பதில் தமக்குத் திருப்தி இல்லை என்கிறார் அதிகாரி. காரணங்களாகக் குடும்பப் பிணைப்பும் பண நிலையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. இதே வாசகம் ஆயிரம் பேருக்குப் போகும். "மகள் இஞ்சைதானே இருக்கிறா, நான் ஏன் அங்கை நிக்கப்போறன்?" என்று அம்மா கேட்பதற்குக் கடிதத்தில் பதில் இல்லை.

அதிகாரியின் குறிப்பைச் சில வகை மறுப்புகளோடு சேர்த்தே அனுப்பும் வழக்கத்தைக் கனடியக் குடிவரவுத் திணைக்களம் 2025 ஜூலை பிற்பகுதியில் தொடங்கியது. குறிப்பு வராதவர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அம்மா கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தோடு, கனடாவில் இருக்கும் மகன் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 30 நாளில் வர வேண்டும், பிந்துவதும் உண்டு. மறுப்புக் கிடைத்த வாரத்திலேயே கேட்பது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

குறிப்பு வந்ததும் ஒரு கேள்வியோடு வாசிக்க வேண்டும்: அதிகாரி பிடித்த குறை, நாம் கொடுக்காத தாளாலா, கொடுத்தும் அவர் பார்க்காத தாளாலா? நமது கதையில் இரண்டுமே இருக்கின்றன. பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என அவர் எழுதியிருந்தால், பிழை நம்முடையது. உறுதியையும் வங்கிக் கணக்கின் பழைய மாதங்களையும் இணைத்துப் புதிதாகப் போடுவதே வழி. ஆனால் சுன்னாகத்து மகளின் குடும்ப விபரமும் பென்சன் கடிதமும் விண்ணப்பத்தில் இருந்தும், கனடாவில் மகன் இருப்பதை மட்டும் எழுதி முடித்திருந்தால், அது நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய குறை. பிள்ளையைப் பார்க்கப் போகிறவருக்குப் பிள்ளை அங்கேதானே இருக்கும்!

வருகை விசாவுக்கு மேன்முறையீடு கிடையாது. இருப்பது கனடியச் சமஷ்டி நீதிமன்றத்தின் நீதிமுறை மீளாய்வு. வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முடிவென்றால், அறிவிக்கப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் அதற்கு அனுமதி கேட்க வேண்டும். மறுபரிசீலனை செய்யுங்கள் என்று விசா அலுவலகத்துக்கு எழுதலாம். ஆனால் அவர்கள் பதில் தரும்வரை இந்த 60 நாள் நின்று காத்திருக்காது. பலர் தவறவிடுவது இங்கேதான். குறிப்பு கையில் வராவிட்டாலும் வழக்கைப் போட்டுவிடலாம். காரணங்களை நீதிமன்றமே கேட்டு வாங்கித் தரும்.

நீதிமன்றம் விசா தராது. முடிவு நியாயமானதா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் வேறொரு அதிகாரியிடம் திருப்பி அனுப்பும். அதிகாரியிடம் இல்லாத புதுத் தாளைப் பொதுவாக அங்கே காட்ட முடியாது. ஆகவே மறந்துபோன காணி உறுதிக்காக வழக்குப் போடுவது லோயருக்குக் காசு கொடுப்பதாகவே முடியும்.

கலியாண ஸ்பொன்சர் கதை வேறு. எழுத்து முடித்து, தாலி கட்டி, படமும் அனுப்பிய பிறகும் 'உண்மையான திருமணம் என்று நம்பவில்லை' என்று மறுப்பு வந்தால், மேன்முறையீடு உண்டு. அந்த உரிமை யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெண்ணுக்கல்ல, அங்கே ஸ்பொன்சர் செய்த கணவனுக்கே. குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அவர் 30 நாளுக்குள் போக வேண்டும். அங்கே புதுச் சான்றும் எடுபடும்: மறுப்புக்குப் பிறகு பேசிய அழைப்புகள், கணவன் ஊருக்கு வந்து நின்ற நாட்கள், இரு வீட்டாரின் வாக்குமூலம். பெண்ணும் மொழிபெயர்ப்பாளரோடு இங்கிருந்தே சாட்சி சொல்லலாம். சம்பந்தம் பேசியவர் யார், முதலில் எங்கே சந்தித்தார்கள் என்பதில் இருவர் பதிலும் முரண்பட்டால் அங்கும் கஷ்டம்தான்.

புதிதாகப் போடும்போது ஒரு கட்டத்தில் கை நடுங்கக் கூடாது. கனடாவோ வேறெந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்ததா என்று படிவம் கேட்கும். பழைய லண்டன் மறுப்பையும் எழுத வேண்டும். மறுப்பு இருந்ததனால் மட்டும் விசா மறுபடியும் மறுக்கப்படும் என்றில்லை. மறைத்தது பிடிபட்டால், பொய்த் தகவல் கொடுத்ததாக 5 வருடத் தடை வரலாம். படிவத்தை ஏஜென்சி நிரப்பியது என்ற சாட்டு பெரும்பாலும் எடுபடாது.