கையில் 164, காலில் 108

17 வயது மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி தலைவலி, எப்போதாவது மூக்கில் ரத்தம். கொஞ்ச தூரம் ஓடினாலே கெண்டைக்கால் கடுத்து நின்றுவிடுகிறான். வலது கையில் பிரஷர் பார்த்தால் 164/92. இந்த வயதில் இவ்வளவு இருந்தால் பரீட்சைப் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

மருத்துவர் ஒரு கையால் மணிக்கட்டு நாடியையும் மறு கையால் தொடையிடுக்கு நாடியையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்க்கிறார். இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே துடிக்க வேண்டும். இவனுக்கோ தொடை நாடி மெலிந்து, சற்றுப் பிந்தி வருகிறது. காலில் பிரஷர் பார்த்தால் மேல் அளவு 108தான். படுத்த நிலையில் காலின் அழுத்தம் கையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இங்கே 56 குறைகிறது.

காரணம், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் பிறவியிலேயே உள்ள ஒரு சுருக்கம். தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிந்த பிறகு, பெரும்பாலும் இடது கைக்குப் போகும் கிளையை அடுத்து, அது அமைகிறது. கட்டிய வாய்க்காலைப் போல மேல்புறம் அழுத்தம் ஏறுகிறது, கீழ்ப்புறம் இறங்குகிறது. சிறுநீரகங்கள் இருப்பது கீழ்ப்புறத்தில். தங்களுக்கு வரும் அழுத்தம் குறைந்ததும் அவை ரெனின் என்ற பொருளைச் சுரந்து, உடல் முழுவதற்கும் அழுத்தத்தை ஏற்றப் பார்க்கின்றன. அதனால் தலையிலும் கையிலும் பிரஷர் இன்னும் எகிறுகிறது.

வளர்ந்த பிள்ளைகள் இந்தச் சுருக்கத்தோடு நடமாடுவதற்கு மாற்றுப்பாதைகளே காரணம். விலா எலும்புகளை ஒட்டி ஓடும் சிறு தமனிகள் பருத்து, ரத்தத்தைச் சுற்றுவழியில் கீழே கொண்டுபோகின்றன. பல ஆண்டுகள் துடித்துத் துடித்து அவை விலாக்களின் கீழ்விளிம்பில் பள்ளம் பறிக்கும். மார்பு எக்ஸ்ரேயில் அது தெரியும். சுருக்கத்தின் இடத்தையும் நீளத்தையும் எக்கோவும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டிவிடும்.

மாத்திரையால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. கையின் அளவை இறக்கினால் கால்களுக்கும் சிறுநீரகங்களுக்கும் போகும் ரத்தம் மேலும் குறையலாம். சுருக்கத்தையே அகற்ற வேண்டும். 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் 12 வயதுச் சிறுவனுக்கு அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அதற்கு முன் இதற்கு அறுவை சிகிச்சையே இல்லை. இன்றும் கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அறுவைதான். நம் மாணவன் போன்ற வளர்ந்தவர்களுக்குத் தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் விரித்து, ஸ்டென்ட் பொருத்துகிறார்கள்.

காலம் கடந்து செய்தால் பாதை சீரான பின்பும் பிரஷர் முழுதாக இறங்காமல் போகலாம். தைத்த அல்லது விரித்த இடம் மீண்டும் சுருங்கலாம், வீங்கவும் செய்யலாம். இவர்களில் பலருக்கு இதயத்தின் பெருந்தமனி வால்வு மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டோடு அமைந்திருக்கும். சிலருக்கு மூளைத் தமனியில் வீக்கம் இருக்கும். ஆகவே ஸ்டென்ட் வைத்துவிட்டோம் என்று இந்த மாணவன் மருத்துவரை மறந்துவிட முடியாது. ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வலது கையோடு காலிலும் பிரஷர் பார்க்கச் சொல்ல வேண்டும்.