காலை 10.30, மாலை 4.25

போதைப்பொருள் வழக்கு ஒன்றில் 2018 ஆகஸ்ட் 4 அன்று ஒருவர் ரிமாண்ட் செய்யப்படுகிறார். அந்த வகைக் குற்றத்தில் விசாரணையை முடித்து வழக்குத் தாக்கல் செய்ய 180 நாள் கெடு. தவறினால், ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. 2019 பிப்ரவரி 1 காலை 10.30-க்கு அவர் ஜாமீன் மனு போடுகிறார். அன்றே மாலை 4.25-க்கு அரசுத் தரப்பு கூடுதல் புகாரைத் தாக்கல் செய்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் வழியாக இது உச்ச நீதிமன்றம் வரை போனது.

இதை வாயால் மட்டும் சொல்லி நீதிபதிக்குப் புரியவைக்க வேண்டுமானால், எங்கே தொடங்குவது? பலர் பிடிபட்ட பொருளில் தொடங்குவார்கள். அதற்குள் பத்து நிமிடம் போய்விடும். எதற்காக இதையெல்லாம் கேட்கிறோம் என்று நீதிபதிக்குத் தெரியாது. கேள்விதான் முதலில் வர வேண்டும், பதில் அதை ஒட்டியே வர வேண்டும்: "கேள்வி ஒன்றுதான், மை லார்ட். காலையில் மனு போட்டவரின் உரிமை, மாலையில் புகார் வந்ததால் போய்விடுமா? போகாது என்பது என் வாதம்."

அடுத்து தேதி. "180 நாள் கடந்துவிட்டது" என்று சொன்னால் போதாது. நீதிபதி பேனாவால் எழுதிக்கொண்டே வரும் வேகத்தில் எண்ண வேண்டும். "ரிமாண்ட் நாளை விட்டுவிடுகிறேன். ஆகஸ்டில் 27, செப்டம்பர் முடிய 57, அக்டோபர் முடிய 88, நவம்பர் 118, டிசம்பர் 149, ஜனவரி 31-ல் 180. ரிமாண்ட் நாளைச் சேர்த்தால் ஒரு நாள் முன்பே முடிகிறது. எப்படி எண்ணினாலும் மனு கெடுவுக்குப் பிறகுதான்." எதிர்த்தரப்பு கிளப்பக்கூடிய ஒரு சண்டை அங்கேயே அடங்கிவிடுகிறது.

பிறகுதான் தீர்ப்பு, அதுவும் இரண்டே. புகார் வந்தபின் இந்த உரிமை நிற்காது என்று 1994-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது நமக்கு எதிரானது. அதை மறைக்காமல் நாமே எடுத்து வைக்க வேண்டும்: "அதிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது, மை லார்ட். அதற்கு முன் உரிமையைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. மனு போட்டு, பிணை தரத் தயார் என்று சொன்னாலே பயன்படுத்தியதாகும் என்று 2001-ல் இதே நீதிமன்றம் விளக்கிவிட்டது." பத்தி பத்தியாக வாசித்தால் காது சோர்ந்துவிடும். தீர்ப்பின் பக்க எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வதே நல்லது.

இடையில் நீதிபதி கேட்கலாம்: "மனு 4.30-க்கு வந்திருந்தால்?" 'பிறகு வருகிறேன்' என்று தள்ளினால் அவர் மனம் அங்கேயே நின்றுவிடும். "அப்போது எனக்கு வாதமே இல்லை, மை லார்ட். வழக்கின் தன்மையைப் பார்த்து வழக்கமான ஜாமீன்தான் கேட்க முடியும்" என்று உடனே ஒப்புக்கொள்வதுதான் சரி. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஜாமீனை மீட்டுக் கொடுத்ததும் இந்தக் கோட்டில் நின்றுதான்: மனு முந்தியது, புகார் பிந்தியது.