முகம் என்னும் சந்தை – 7: பாண்ட்ஸ் வந்த மலை

கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலையின் விளிம்பில், 1984 முதல் 2001 வரை பாதரச தெர்மாமீட்டர் செய்யும் ஆலை ஒன்று இயங்கியது. அதைச் சுற்றுச்சூழல் வழக்காகத்தான் பலரும் படித்திருப்போம். இந்தத் தொடருக்கு அது வேறொரு காரணத்தால் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த அந்த ஆலையைப் பெயர்த்து மலைக்குக் கொண்டுவந்தது, முகத்துக்கு கிரீம் விற்றுப் பெயர் வாங்கிய பாண்ட்ஸ் கம்பெனி.

பாண்ட்ஸின் தொடக்கம் அழகுப் பொருளில் இல்லை. 1846-இல் தெரோன் பாண்ட் என்பவர் ஒரு செடியின் சாற்றை மருந்தாக விற்றார். வெட்டுக்காயமும் தீக்காயமும் பட்டவர்கள் அதை வாங்கினார்கள். காயம் ஆறியதும் மருந்தின் தேவை முடிந்துவிடும். காயமில்லாதவரையும் வாங்கவைக்கும் வழி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தது ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பர நிறுவனம்.

அப்போது பாண்ட்ஸிடம் இரண்டு கிரீம்கள் இருந்தன. ஒன்று கோல்டு கிரீம், மற்றது வானிஷிங் கிரீம். இரவில் ஒன்றால் முகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், பகலில் மற்றதால் காக்க வேண்டும் என்றது விளம்பரம். யாருக்கு வேண்டும்? சரியாக இருக்கும் ஒவ்வொரு தோலுக்கும் இரண்டும் வேண்டும் என்று அது சொன்னது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வறண்ட தோலுக்கு என்று சொல்லியிருந்தால் வறண்ட தோல் உள்ளவர் மட்டும் வாங்குவார். சரியான தோலுக்கு என்று சொன்னதால் கவலை இல்லாமல் இருந்தவருக்கும் ஒரு கவலை வந்தது. 1920-களில் ருமேனியாவின் ராணி மேரியும் சீமாட்டிகளும் அந்த கிரீமுக்குச் சான்று சொன்னார்கள். ராணியின் முகத்துக்கே தேவைப்படுகிறது என்றால், கண்ணாடி முன் நிற்கும் பெண் தன் முகத்தைப் பற்றி என்ன நினைப்பாள்?

அதே முறை இந்தியாவில் இன்னும் ஆழமாக வெட்டியது. 1975-இல் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைப் பேசுவது அதற்கு முன்பே இருந்த வழக்கம்தான். கம்பெனி அந்தப் புண்ணை உண்டாக்கவில்லை. அது ஆறாமல் இருந்தால் எவ்வளவு விற்கும் என்று கணக்குப் போட்டது.

2000-களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் வந்த அந்த கிரீமின் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருமானம் போதாத வீடு. மகன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்பா வருந்துவது மாநிறப் பெண்ணின் காதில் விழுகிறது. அவள் கிரீம் பூசுகிறாள், நிறம் மாறுகிறது, விமானப் பணிப்பெண் ஆகிறாள். அப்பாவை ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறாள்.

இதில் ஒரு இடமாற்றம் நடக்கிறது. குறை முதலில் அப்பாவின் பார்வையில் இருந்தது. முடிவில் அது மகளின் தோலுக்கு வந்துவிட்டது. திருந்த வேண்டியவர் திருந்தவில்லை, செலவு செய்ய வேண்டியவள் மட்டும் மாறினாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்து தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. தொடர்ந்து வந்த அழுத்தத்தில் 2003-இல் அந்த விளம்பரம் நின்றது. 2020-இல் கிரீமின் பெயரிலிருந்தே ‘ஃபேர்’ எடுக்கப்பட்டது. விற்பனை நிற்கவில்லை.

இத்தகைய கிரீம் உண்மையில் என்ன செய்யும்? முக்கியப் பொருளான நியாசினமைடு, நிறமி தோலின் மேலடுக்குக்குப் போவதைக் கொஞ்சம் தடுக்கும். கூடவே இருக்கும் சன்ஸ்கிரீன் வெயிலால் கருப்பதைக் குறைக்கும். பிறவி நிறத்தை அது மாற்றாது. பூசுவதை நிறுத்தினால் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் பெட்டியோடு வந்த நிற அட்டையில் படிப்படியாக வெளுக்கும் முகங்கள் வரிசையாக இருந்தன. ஒரு படி ஏறியவளுக்கு அடுத்த படி தெரியும். கடைசிப் படியை யாரும் எட்டுவதில்லை என்பதால் வாங்குவதும் முடிவதில்லை.

இப்போது மலைக்குத் திரும்புவோம். 1980-களின் பிற்பகுதியில் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998-இல் பாண்ட்ஸ் இந்தியா இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. கோல்டு கிரீமும் ஃபேர் அண்ட் லவ்லியும் கொடைக்கானல் ஆலையும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. ஆலையின் பாதரசத்துக்கும் இந்த கிரீம்களுக்கும் சம்பந்தமில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒப்பிடுவது ஒரு கம்பெனி உடம்பைப் பார்த்த இரண்டு விதங்களை.

பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. மூச்சில் போனால் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் இருப்பதை ஊர்க்காரர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. கைநடுக்கம், சிறுநீரகக் கோளாறு, மாதவிடாய்ச் சிக்கல் என்று முன்னாள் தொழிலாளர்கள் அடுக்கினார்கள். போதிய பாதுகாப்பு தரப்படவில்லை என்றார்கள். அவர்களுடைய உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பு இருப்பதாக எந்த ஆய்விலும் தெரியவில்லை என்பதே கம்பெனியின் நிலை. 2015-இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் இந்த ஆலையைப் பற்றிப் பாடிய ராப் காணொளி உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. ஆலை மூடி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

என்னை உறுத்துவது இதுதான். நல்ல தோலைக் குறையுள்ள தோல் என்று சொல்ல எந்தச் சான்றும் கேட்கப்படவில்லை. அரை நிமிட விளம்பரம் போதும், கோடிப் பெண்கள் தங்கள் முகத்தைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்கள். என் உடம்பு கெட்டுவிட்டது என்று ஒரு தொழிலாளி சொன்னபோதோ, சான்று கொண்டுவா என்றார்கள். இல்லாத குறைக்குக் கிடைத்த நம்பிக்கை, இருந்த வலிக்குக் கிடைக்கவில்லை. முன்னதை நம்பினால் லாபம், பின்னதை நம்பினால் செலவு.

முகத்தைப் பற்றிய அந்தச் சந்தேகத்துக்குள் வேறு வியாபாரிகளும் நுழைகிறார்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே அரிதான ஒரு சிறுநீரக நோய் அடுத்தடுத்து வந்தது. மருத்துவர்கள் துருவியபோது, நோயாளிகளில் பெரும்பாலோர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. கிரீம்களில் பாதரசம் இருந்தது. பாதரச உப்பு நிறமி உருவாவதையே தடுப்பதால் சீக்கிரம் வெளுக்கும். சீக்கிரம் வெளுப்பதுதான் அபாயத்தின் முதல் அடையாளம். தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். தங்க, வெள்ளி நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள். உலோகத்தோடு சேரும் பாதரசம் உள்ளே இருக்கலாம். ஏற்கெனவே பூசிவருபவருக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், டப்பாவையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும்.

விளம்பரத்தைப் பார்க்கும்போது ஒரே கேள்வி போதும்: இதில் முதலில் யார் முகம் சுளித்தார்? மாப்பிள்ளை வீட்டாரா, மேலதிகாரியா, தோழியா, அப்பாவா? சிகிச்சை தேவைப்படுவது அந்த ஆளின் பார்வைக்கு. நம் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம்: டப்பாவிலிருந்து ஊசிக்கு மாறிய நிற வியாபாரம்.